மேற்செலவு குறை ஈர்ப்பும் மிகை ஈர்ப்பும்: பதிவுகளும் லாபமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை வகுப்பில் காஸ்டிங், அதாவது அடக்கவிலைக் கணக்கு, படிக்க வரும் மாணவர்களும், சிறு தொழிற்சாலைகளில் கணக்கு எழுதுகிற நண்பர்களும் பல வருடங்களாக என்னிடம் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம்தான்: கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் செய்கிற ஒரு பட்டறை. எண்களைக் கணக்குக்குத் தோதாக முழு எண்களாக ஆக்கிக்கொண்டேன். ஒரு பேனாவோடு வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் போட்ட எண்களை எடுத்துக்கொள்கின்றன.

"கரண்ட் பில், வாடகை எல்லாம் செலவாயிடுச்சு, கணக்குல எழுதியாச்சு. அப்புறம் 'ஈர்ப்பு'ன்னு தனியா எதுக்கு சார்?"

பம்ப் ஒன்றுக்கு எவ்வளவு இரும்பு, எவ்வளவு செப்புக் கம்பி என்று எடை போட்டுச் சொல்லிவிடலாம். ஷெட் வாடகையில் அந்தப் பம்ப்புக்கு எவ்வளவு என்று எடை போட முடியாது. வருடம் முடிந்து மொத்தச் செலவு தெரியும்வரை காத்திருக்கவும் முடியாது. ஏப்ரலில் வாடிக்கையாளர் விலை கேட்டால் ஏப்ரலிலேயே சொல்ல வேண்டும். அதனால் வருட ஆரம்பத்தில் ஒரு வீதத்தை முடிவு செய்து, வேலை நடக்க நடக்க அந்த வீதத்தில் இப்படிப்பட்ட பொதுச் செலவை, அதாவது மேற்செலவை, பொருளின் மேல் ஏற்றுகிறோம். அப்படி ஏற்றுவதுதான் ஈர்ப்பு.

நம் பட்டறையின் பட்ஜெட்: தொழிற்சாலை மேற்செலவு ₹36,00,000, இயந்திர மணி 24,000. ஆகவே வீதம் மணிக்கு ₹150. இதில் ₹100 நிலையான செலவு (வாடகை, தேய்மானம், மேற்பார்வையாளர் சம்பளம்). மீதி ₹50 மணியோடு சேர்ந்து ஏறி இறங்கும் செலவு (மின்சாரம், கூலண்ட், வெட்டும் கருவிகள்). ஒரு பம்ப்புக்கு 4 மணி பிடிக்கிறது. ஆக ஒவ்வொரு பம்ப்பின் மேலும் ₹600 ஏறும்.

"எதுல இருந்து எதைக் கழிக்கணும்? பட்ஜெட்டையா, ஆக்சுவலையா? ஒவ்வொரு தடவையும் குழம்புது."

ஈர்த்த தொகையையும் உண்மையில் ஆன செலவையும்தான் ஒப்பிட வேண்டும். பட்ஜெட் தொகை வீதத்தைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படும். வீதம் கிடைத்ததும் அதன் வேலை முடிந்தது. ஈர்த்த தொகை என்பது உண்மையில் ஓடிய மணி பெருக்கல் முன்கூட்டிப் போட்ட வீதம். மணி உண்மையானது, வீதம் மட்டும் பட்ஜெட்டில் இருந்து வந்தது.

நம் பட்டறையில் அந்த வருடம் ஓடியது 20,000 மணி. உண்மைச் செலவு ₹35,00,000. ஈர்த்தது 20,000 × 150 = ₹30,00,000. ஏற்றியது ஆனதைவிடக் குறைவு, எனவே ₹5,00,000 குறை ஈர்ப்பு. தேர்வுத்தாளில் நான் அதிகம் பார்க்கும் தவறு, 36 லட்சத்தில் இருந்து 35 லட்சத்தைக் கழித்து "1 லட்சம் மிகை ஈர்ப்பு" என்று எழுதுவது. அந்த விடையில் திசையே தலைகீழாகிவிடுகிறது. பட்ஜெட்டைவிடக் குறைவாகச் செலவழித்த பட்டறைக்கும் 5 லட்சம் குறை ஈர்ப்பு வரலாம் என்பதை இந்த ஒரு உதாரணத்தில் மனதில் வாங்கிக்கொண்டால், மற்றதெல்லாம் சுலபம்.

"கேள்வியில கொடுத்திருக்கிற ஆக்சுவல் ஓவர்ஹெட்டை அப்படியே எடுத்துக்கலாமா?"

கூடாது. முதலில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். நம் பட்டறையின் பேரேட்டில் மேற்செலவு என்று இருந்த தொகை உண்மையில் ₹36,20,000. அதற்குள் வேலைநிறுத்த நாட்களுக்குக் கொடுத்த கூலி ₹75,000, முந்தைய வருடத்து மின்கட்டணம் இந்த வருடம் எழுதப்பட்டது ₹30,000, பயனற்றுப் போனதால் தள்ளுபடி செய்த உதிரிப் பொருட்கள் ₹15,000 ஆகியவை கலந்திருந்தன. இந்த ₹1,20,000-க்கும் இந்த வருடம் செய்த பம்ப்புக்கும் சம்பந்தம் இல்லை. அவற்றை அடக்கவிலை லாப நட்டக் கணக்குக்கு நேராக அனுப்பிவிட்டு, மீதி ₹35,00,000-ஐ மட்டும் ஈர்த்த தொகையோடு ஒப்பிட வேண்டும்.

இந்தப் படியைத் தாண்டிப் போனால் குறை ஈர்ப்பு ₹6,20,000 என்று வரும். அதன் ஒரு பங்கு, வருட முடிவில் குறை ஈர்ப்பைப் பகிரப் போடும் துணை வீதம் வழியாகச் சரக்கு மதிப்புக்குள்ளும் போய் உட்காரும். வேலைநிறுத்தக் கூலி சரக்கில் இருந்தால், தணிக்கையாளர் கேட்கும்போது பதில் சொல்ல முடியாது.

"குறை ஈர்ப்புன்னா நஷ்டம், மிகை ஈர்ப்புன்னா லாபம். சரிதானே?"

இல்லை. 35 லட்சம் செலவானது செலவானதுதான். அதில் 30 லட்சம் பம்ப்புகளின் மேல் ஏறிவிட்டது, 5 லட்சம் எந்தப் பம்ப்பின் மேலும் ஏறாமல் நிற்கிறது. குறை ஈர்ப்பு என்பது இப்படி இடம் கிடைக்காமல் நிற்கும் செலவின் அளவு. அதை இந்த வருட லாபத்தில் கழிப்பதா, சரக்கின் மேல் ஏற்றுவதா என்பது அடுத்து எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவுதான் லாபத்தை மாற்றுகிறது.

மிகை ஈர்ப்பும் அப்படியே. ஆகாத செலவைப் பொருளின் மேல் ஏற்றிவிட்டோம் என்று அர்த்தம். அந்த உயர்ந்த அடக்கவிலையை வைத்து விலை சொல்லியிருந்தால், சில ஆர்டர்களை வீணாக இழந்திருக்கவும் கூடும். அதை லாபம் என்று சந்தோஷப்பட இடமில்லை.

"அந்த 5 லட்சம் ஏன் வந்துச்சுன்னு எப்படிப் பிரிக்கிறது?"

20,000 மணிக்கு எவ்வளவு செலவாகியிருக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். நிலையான செலவு மணி குறைந்தாலும் குறையாது, ₹24,00,000. மாறும் செலவு 20,000 × 50 = ₹10,00,000. மொத்தம் ₹34,00,000. உண்மையில் ஆனது ₹35,00,000. ஆக ₹1,00,000 கூடுதலாகச் செலவழித்ததால் வந்தது. மீதி ₹4,00,000, ஓடாத 4,000 மணிக்கு உரிய நிலையான செலவு: 4,000 × 100. மணி குறையும்போது மாறும் செலவு தானாகவே குறைந்துவிடும் என்பதால், அந்த 4,000 மணியை ₹150-ஆல் பெருக்கக் கூடாது.

எண் பிரிந்துவிட்டது. காரணம் பட்டறைக்குள் போனால்தான் தெரியும். இதே மாதிரி ஒரு பட்டறையில் நான் கணக்குப் பார்த்தபோது, துளை பெரிதாக்கும் போரிங் இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கிய மணி அட்டையை எடுத்துப் பார்த்தேன். செப்டம்பர் இரண்டாம் வாரம் வரை ஒவ்வொரு ஷிப்டுக்கும் கிரீஸ் விரல் பதிந்த எண்கள். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் வெறும் கோடு. ஸ்பிண்டில் உடைந்து, மாற்று உதிரி வர மாதங்கள் ஆகியிருந்தன. அலுவலகத்தில் எல்லோரும் "ஆர்டர் குறைவு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அட்டை வேறு கதை சொன்னது. இனி வரும் பதில்களில் 4 லட்சத்தின் காரணம் இந்த மாதிரி அசாதாரணமான இயந்திரப் பழுது என்றும், 1 லட்சத்தின் காரணம் மின்கட்டணமும் கருவி விலையும் உயர்ந்தது என்றும் வைத்துக்கொள்வோம்.

"ஜர்னல் என்ட்ரியை ஆரம்பத்துல இருந்து ஒரு தடவை முழுசா போட்டுக் காட்டுங்க."

அடக்கவிலைக் கணக்குகளைத் தனிப் பேரேட்டில் எழுதும் முறையில் மூன்று பதிவுகள் வரும். முதலாவது, செலவு ஆனபோது:

தொழிற்சாலை மேற்செலவுக் கட்டுப்பாட்டுக் கணக்கு — பற்று ₹35,00,000
சரக்கறைப் பேரேட்டுக் கட்டுப்பாட்டுக் கணக்கு — வரவு ₹6,00,000
கூலிக் கட்டுப்பாட்டுக் கணக்கு — வரவு ₹9,00,000
பொதுப் பேரேட்டுச் சரிக்கட்டல் கணக்கு — வரவு ₹20,00,000

கூலண்ட், கருவி ஆகியவை சரக்கறையில் இருந்து வந்தன. மறைமுகக் கூலி கூலிக் கணக்கில் இருந்து வந்தது. வாடகை, மின்சாரம், தேய்மானம் ஆகியவை நிதிக் கணக்கில் எழுதப்பட்டவை, அதனால் பொதுப் பேரேட்டுச் சரிக்கட்டல் கணக்கு. ஒருங்கிணைந்த முறையில் எழுதினால் அந்தக் கணக்கு இருக்காது. அங்கே வங்கி, கடனீந்தோர், தேய்மான ஒதுக்கு என்று உண்மையான கணக்குகளே வரவாகும். இரண்டாவது, வேலையின் மேல் ஏற்றியபோது:

நடப்புப் பணிக் கட்டுப்பாட்டுக் கணக்கு — பற்று ₹30,00,000
தொழிற்சாலை மேற்செலவுக் கட்டுப்பாட்டுக் கணக்கு — வரவு ₹30,00,000

டபிள்யூஐபி என்று நாம் சொல்வதுதான் நடப்புப் பணி. இப்போது மேற்செலவுக் கட்டுப்பாட்டுக் கணக்கில் ₹5,00,000 பற்று இருப்பு நிற்கிறது. பற்று இருப்பு என்றால் குறை ஈர்ப்பு, வரவு இருப்பு என்றால் மிகை ஈர்ப்பு. விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கணக்கைத் தொகுத்தால் தானே தெரியும். மூன்றாவது, அந்த இருப்பை வெளியே எடுக்க:

மேற்செலவுச் சரிக்கட்டல் கணக்கு — பற்று ₹5,00,000
தொழிற்சாலை மேற்செலவுக் கட்டுப்பாட்டுக் கணக்கு — வரவு ₹5,00,000

"சரி, அந்தச் சரிக்கட்டல் கணக்குல இருக்கிற 5 லட்சத்தைக் கடைசியா எங்க கொண்டுபோய்ப் போடணும்?"

காரணத்தைப் பொறுத்து. இயந்திரம் பழுதாகி நின்ற 4 லட்சம் எந்தப் பம்ப்பையும் உருவாக்கவில்லை. அதைப் பம்ப்பின் விலையில் சேர்ப்பது நியாயமில்லை. நேராக அடக்கவிலை லாப நட்டக் கணக்கு. மின்கட்டணம் உயர்ந்த 1 லட்சம் அப்படி இல்லை. அது பம்ப் செய்ததற்கான உண்மையான செலவு, வீதம் போடும்போது நமக்குத் தெரியாமல் போனது. அதைத் துணை வீதம் போட்டு அந்த வருடம் செய்த எல்லாப் பம்ப்புகளுக்கும் பகிர வேண்டும்.

அந்த வருடம் 4,000 பம்ப் விற்றது, 600 முடிந்து கிடங்கில் இருக்கிறது, 800 பாதி வேலையில் இருக்கிறது. பாதி முடிந்த 800 என்பது முழுப் பம்ப் 400-க்குச் சமம். மொத்தம் 5,000. துணை வீதம் 1,00,000 ÷ 5,000 = பம்ப்புக்கு ₹20. பதிவு இப்படி:

அடக்கவிலை லாப நட்டக் கணக்கு — பற்று ₹4,00,000
விற்ற பொருளின் அடக்கக் கணக்கு — பற்று ₹80,000
முடிவுற்ற பொருள் கட்டுப்பாட்டுக் கணக்கு — பற்று ₹12,000
நடப்புப் பணிக் கட்டுப்பாட்டுக் கணக்கு — பற்று ₹8,000
மேற்செலவுச் சரிக்கட்டல் கணக்கு — வரவு ₹5,00,000

"பட்டறையில 800 பம்ப் கண்ணு முன்னாடி நிக்குது. 400-ன்னு எடுத்தா மீதிக்குச் செலவு ஆகலையா?"

800-க்கும் செலவாகியிருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் பாதிதான். பம்ப் ஒன்றுக்கு 4 மணி என்றால், இவை தலைக்கு 2 மணி ஓடியிருக்கின்றன, 1,600 மணி. அதை முழுப் பம்ப்பாக மாற்றினால் 400. சந்தேகமாக இருந்தால் மணியிலேயே பகிருங்கள்: 1,00,000 ÷ 20,000 = மணிக்கு ₹5. 1,600 × 5 = ₹8,000. அதே விடைதான். எத்தனை சதவீதம் முடிந்தது என்று கொடுக்காமல் இயந்திர மணி மட்டும் கொடுத்திருந்தால் இந்த வழிதான் நேர்வழி.

"எந்த வழியில போட்டா லாபம் எவ்வளவு மாறும்? அதைத்தான் முதலாளி கேட்கிறாரு."

பம்ப்பின் விற்பனை விலை ₹2,500. அடக்கம்: மூலப்பொருள் ₹1,000, கூலி ₹300, மேற்செலவு ₹600, ஆக ₹1,900. விற்பனை ₹1,00,00,000, விற்றதன் அடக்கம் ₹76,00,000. நிர்வாக, விற்பனைச் செலவோடு முன்பு தனியே ஒதுக்கிய ₹1,20,000-உம் சேர்ந்து ₹10,00,000. தொடக்கச் சரக்கு இல்லை. ஆகவே குறை ஈர்ப்பைத் தொடுவதற்கு முன் லாபம் ₹14,00,000.

முழு 5 லட்சத்தையும் லாப நட்டக் கணக்கில் போட்டால் லாபம் ₹9,00,000. முழுவதையும் துணை வீதத்தில் பகிர்ந்தால், விற்ற 4,000-க்கு உரிய ₹4,00,000 மட்டும் இந்த வருடம் செலவாகும். லாபம் ₹10,00,000, மீதி ₹1,00,000 சரக்கில் தங்கும். நாம் காரணம் பார்த்துப் போட்டபடி என்றால் 4,00,000 + 80,000 கழியும், லாபம் ₹9,20,000. எதையும் போடாமல் அடுத்த வருடத்துக்குத் தள்ளினால் ₹14,00,000 என்றே காட்டும். ஒரே பட்டறை, ஒரே வருடம், நான்கு லாபங்கள்.

இந்த வித்தியாசம் நிரந்தரம் இல்லை. சரக்கில் தங்கிய ₹20,000 அடுத்த வருடம் அந்தப் பம்ப்புகள் விற்கும்போது செலவாக வந்துவிடும். இரண்டு வருடத்தையும் கூட்டினால் எல்லா வழியும் ஒன்றுதான். ஆனால் போனஸும் வங்கிக் கடனும் ஒரு வருட லாபத்தைப் பார்த்துத்தான் முடிவாகின்றன. அதனால்தான் முதலாளி கேட்கிறார், அதனால்தான் நீங்கள் காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

"மிகை ஈர்ப்பு வந்தா இதே என்ட்ரியைத் திருப்பிப் போட்டா போதுமா?"

பதிவு திரும்பும், உண்மைதான். அடுத்த வருடம் பட்டறை 26,000 மணி ஓடியது, அதே ₹150 வீதம். ஈர்த்தது ₹39,00,000, ஆனது ₹37,40,000. மிகை ஈர்ப்பு ₹1,60,000:

தொழிற்சாலை மேற்செலவுக் கட்டுப்பாட்டுக் கணக்கு — பற்று ₹1,60,000
மேற்செலவுச் சரிக்கட்டல் கணக்கு — வரவு ₹1,60,000

இதோடு நின்றுவிடாதீர்கள். முன்பு செய்த மாதிரி காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். 26,000 மணிக்கு ஆகியிருக்க வேண்டியது 24,00,000 + 13,00,000 = ₹37,00,000. ஆனது அதைவிட ₹40,000 அதிகம். கூடுதலாக ஓடிய 2,000 மணி தந்த ₹2,00,000 மிகை, அந்த 40,000 வீண் செலவை மூடி மறைத்துவிட்டது. குறை ஈர்ப்பு வந்தால் எல்லோரும் பதறிப்போய்க் காரணம் தேடுகிறார்கள். மிகை ஈர்ப்பு வந்தால் யாரும் தேடுவதில்லை. என் அனுபவத்தில் செலவு கைமீறத் தொடங்குவது இப்படிப்பட்ட நல்ல வருடங்களில்தான்.

லாபத்தின் பக்கம் வருவோம். அந்த வருடம் செய்த 6,500 பம்ப்பில் 1,300 கிடங்கில் இருந்தால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு, மிகையில் ₹32,000 சரக்கு மதிப்பில் ஏறி நிற்கிறது. முழு 1,60,000-ஐயும் லாப நட்டக் கணக்கில் வரவு வைத்தால் லாபம் அந்த 32,000 அளவுக்கு உண்மையைவிட உயரும், சரக்கும் ஆன செலவைவிட உயர்ந்த மதிப்பில் நிற்கும். பகிர்ந்தால் விற்றதன் அடக்கம் ₹1,28,000 குறையும், சரக்கு ₹32,000 குறையும்.

"விக்காட்டியும் பரவாயில்ல, ஸ்டாக்குக்குன்னு நிறைய பண்ணிட்டா குறை ஈர்ப்பு போயிடும், லாபம் ஏறும்னு சொல்றாங்க. அப்படி நடக்குமா?"

நடக்கும். முதல் வருடத்துக்கே திரும்பிப் போவோம். இயந்திரம் பழுதாகாமல், விற்பனை அதே 4,000 பம்ப்பாக இருக்க, கூடுதலாக 1,000 பம்ப் செய்து கிடங்கில் அடுக்கியதாக வையுங்கள். மணி 24,000 ஆகிறது. செலவு மாறும் பகுதியில் மட்டும் 2 லட்சம் ஏறி ₹37,00,000. ஈர்த்தது ₹36,00,000. குறை ஈர்ப்பு 5 லட்சத்தில் இருந்து 1 லட்சமாகிவிட்டது. அதை முழுவதும் லாப நட்டக் கணக்கில் போட்டாலும் லாபம் ₹13,00,000. முன்பு இதே முறையில் ₹9,00,000. ஒரு பம்ப் கூட அதிகம் விற்காமல் 4 லட்சம் லாபம் கூடிவிட்டது.

அந்த 4 லட்சம் எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடங்கில் இருக்கிறது: 1,000 பம்ப், தலைக்கு 4 மணி, மணிக்கு ₹100 நிலையான செலவு. வாடகையின் ஒரு பகுதி சரக்கு என்ற பெயரில் இருப்புநிலைக் குறிப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. இதற்கிடையில் மூலப்பொருள், கூலி, மாறும் செலவு என்று பம்ப்புக்கு ₹1,500 வீதம் ₹15,00,000 பணம் கையை விட்டுப் போய்விட்டது. லாபம் ஏறி, வங்கி இருப்பு இறங்கி, முடிவுற்ற சரக்கு வீங்கியிருந்தால் முதலில் உற்பத்தி எண்ணிக்கையையும் விற்பனை எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறுதிநிலைச் செலவு முறையில், மார்ஜினல் காஸ்டிங் என்று நாம் சொல்வதில், நிலையான செலவு சரக்குக்குள் போவதே இல்லை. அதனால் இந்த வித்தை அங்கே பலிக்காது.

"வெளியில கொடுக்கிற ஆண்டுக் கணக்குல குறை ஈர்ப்பைச் சரக்குல சேர்க்கலாமா?"

ஓடாத மணிக்கு உரிய பகுதியைச் சேர்க்கக் கூடாது. சரக்கு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலைகளான ஏஎஸ் 2, இண்ட் ஏஎஸ் 2 இரண்டும் இதில் ஒன்றுபோலவே சொல்கின்றன: நிலையான உற்பத்தி மேற்செலவை வழக்கமான உற்பத்தித் திறனை அடிப்படையாக வைத்துத்தான் சரக்கில் ஏற்ற வேண்டும். உற்பத்தி குறைந்ததற்காகவோ இயந்திரம் சும்மா நின்றதற்காகவோ ஒரு பம்ப்பின் மேல் ஏறும் தொகையைக் கூட்டக் கூடாது. ஏறாமல் நிற்பது அந்த வருடச் செலவு. நம் 4 லட்சம் அப்படித்தான் லாப நட்டக் கணக்குக்குப் போகிறது. முழுவதையும் பகிர்ந்து ₹10,00,000 லாபம் காட்டிய வழி ஆண்டுக் கணக்கில் நிற்காது. விலை உயர்வால் வந்த 1 லட்சம் உண்மையான உற்பத்திச் செலவு, சரக்கின் பங்குக்கு அது சேரலாம்.

உற்பத்தி அசாதாரணமாக அதிகமான வருடத்தில் விதி வேறு பக்கம் திரும்புகிறது. அப்போது ஒரு பம்ப்பின் மேல் ஏறும் நிலையான செலவைக் குறைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு, ஆன செலவுக்கு மேல் மதிப்பிடப்பட்டுவிடும். குறைந்தால் ஏற்றாதே, கூடினால் இறக்கு. இரண்டும் சரக்கு வீங்கிவிடாமல் காக்கத்தான்.

"அடுத்த வருஷத்துக்கு எடுத்துட்டுப் போகலாம்னு புத்தகத்துல இருக்கே?"

அந்த வழி வருடத்துக்குள் நன்றாகப் பொருந்தும். சர்க்கரை ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பு அரைக்கும் பருவத்தில் ஆலை இரவு பகலாக ஓடும், மிகை ஈர்ப்பு வரும். பருவம் முடிந்து இயந்திரங்களைப் பிரித்துப் பராமரிக்கும் மாதங்களில் அரைப்பே இல்லை, குறை ஈர்ப்பு வரும். உள் நிர்வாகத்துக்காகப் போடும் மாதக் கணக்கில் அந்த இருப்பைச் சரிக்கட்டல் கணக்கிலேயே வைத்து அடுத்த மாதத்துக்கு எடுத்துப்போனால், வருட முடிவில் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடு செய்துவிடும். வருடம் முடிந்த பிறகும் அதை வைத்திருந்தால் ஒரு வருடச் செலவு இன்னொரு வருடத் தலையில் விழும். முன் பதிலில் சொன்ன விதி அதற்கு இடம் தருவதில்லை. தேர்வில் மூன்றாவது வழியாக எழுதுங்கள், கூடவே இந்த வரம்பையும் எழுதுங்கள்.

"ரீகன்சிலியேஷன்ல குறை ஈர்ப்பைக் கூட்டணுமா, கழிக்கணுமா?"

அடக்கவிலைக் கணக்கு லாபத்தில் இருந்து தொடங்கினால் குறை ஈர்ப்பைக் கழிக்க வேண்டும், மிகை ஈர்ப்பைக் கூட்ட வேண்டும். நம் உதாரணத்தில், எதையும் போடாமல் தள்ளிய ₹14,00,000-இல் தொடங்குகிறீர்கள். நிதிக் கணக்கோ முழு 35 லட்சத்தையும் செலவாக எழுதியிருக்கிறது. 5 லட்சம் கழித்தால் ₹9,00,000, இரண்டும் பொருந்தும். இதில் இறுதிச் சரக்கு இரண்டு பக்கமும் ஒரே மதிப்பில் இருப்பதாக வைத்திருக்கிறோம்.

ஆனால் அடக்கவிலை லாப நட்டக் கணக்கிலேயே 5 லட்சத்தை ஏற்கெனவே எழுதியிருந்தால் மறுபடி கழிக்கக் கூடாது. கேள்வியில் "அடக்கவிலைக் கணக்கில் ஈர்த்தது 30,00,000, நிதிக் கணக்கில் 35,00,000" என்று மட்டும் இருந்தால் கழியுங்கள். "குறை ஈர்ப்பு லாப நட்டக் கணக்குக்கு மாற்றப்பட்டது" என்று ஒரு வரி இருந்தால் விட்டுவிடுங்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் படிக்காததால்தான்.

"விற்பனை ஓவர்ஹெட்ல குறை ஈர்ப்பு வந்தாலும் சரக்குக்குப் பகிரணுமா?"

வேண்டாம். கிடங்கில் இருக்கும் பம்ப்புக்காக இன்னும் விற்பனைச் செலவு ஆகவில்லை. அது முழுவதும் அந்த வருட விற்பனையோடு சேரும்.

"குறை ஈர்ப்பு வந்துக்கிட்டே இருக்கு. பேசாம ரேட்டை ஏத்திட்டா என்ன?"

எதனால் வருகிறது என்பதைப் பொறுத்தது. மின்கட்டணம் உயர்ந்துவிட்டது, இனி குறையப்போவதில்லை என்றால் வருட நடுவிலேயே வீதத்தை மாற்றுவது சரி. மணி குறைந்ததற்காக ஏற்றினால் நிலைமை மோசமாகும். 20,000 மணியை வைத்து வீதம் போட்டால் 34,00,000 ÷ 20,000 = ₹170. பம்ப்புக்கு 4 மணி, அடக்கம் ₹80 ஏறுகிறது. அந்த விலைக்கு ஆர்டர் குறைந்து மணி 18,000 ஆனால் 33,00,000 ÷ 18,000 = ₹183-க்கு மேல். மறுபடி விலை ஏறும், மறுபடி ஆர்டர் போகும். இயந்திரம் சும்மா நின்ற செலவை, வாங்க வருகிறவர் தலையில் வைத்துக்கொண்டே போகிறோம்.

வீதத்தை வழக்கமான 24,000 மணியிலேயே வைத்துக்கொண்டு, குறை ஈர்ப்பை மாதாமாதம் தனி வரியில் காட்டுங்கள். நான் சொன்ன அந்தப் பட்டறையில் ஸ்பிண்டில் உதிரியை முன்கூட்டியே வாங்கி வைக்க முதலாளி சம்மதித்தது, "ஓடாத மணி இவ்வளவு, தொகை இவ்வளவு" என்று தனியாக எழுதிய ஒரு வரியைப் பார்த்த பிறகுதான்.